பதவி உயர்வு ஆணையும் வீட்டிலிருந்து வரும் பதிலும்: ஆதரவையும் பொறாமையையும் பிரித்தறிவது எப்படி?

கணவனும் மனைவியும் ஒரே துறையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. இருவரும் ஆசிரியர், இருவரும் செவிலியர், இருவரும் வங்கிப் பணியாளர் என்று தெருவுக்கு ஒரு வீட்டையாவது காட்டிவிடலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு மட்டும் பதவி உயர்வு வரும்போது மற்றவர் சொல்லும் முதல் வார்த்தையை வைத்தே பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ‘சந்தோஷப்பட்டார்’ என்றோ ‘வயிற்றெரிச்சல்’ என்றோ அன்று இரவே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இந்தத் தீர்ப்பு பல சமயம் தவறாகிவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. அதைவிடப் பயனுள்ள தடயங்கள் எங்கே கிடைக்கின்றன என்பதையும் உளவியல் ஆய்வுகள் ஓரளவுக்குத் தெளிவுபடுத்தியிருக்கின்றன.

விளக்கத்துக்காக ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். அழகியமண்டபம் பக்கம் வீடு. மனைவி அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. கணவர் கருங்கல் அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அதே கணிதப் பட்டதாரி ஆசிரியர். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பணிக்காலம். ஆனால் ஏணிகள் வேறு. அரசுப் பள்ளியில் பணிமூப்புப் பட்டியல் நகர நகர, துறைத் தேர்வுகளை முடித்தவருக்கு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி என்றாவது ஒரு நாள் வந்து சேரும். உதவி பெறும் பள்ளியிலோ அந்த நிர்வாகத்தின் கீழ் உள்ள நாற்காலிகள் சில மட்டுமே. அவற்றில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வழி. மனைவிக்கு ஆணை வருகிறது. கலந்தாய்வில் உள்ளூர் இடங்களை மூத்தவர்கள் எடுத்துவிட்டதால், அவருக்குக் கிடைப்பது திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூரையும் தாண்டிய ஒரு பள்ளி. மாலையில் வீட்டுக்கு வந்து சொல்கிறார். கணவர் கேட்கிறார்: “வள்ளியூர் பக்கமா? எப்பிடி போய்ட்டு வருவ?”

இந்த ஒற்றைக் கேள்வியில் என்ன இருக்கிறது? அக்கறை இருக்கலாம். விடியுமுன் எழுந்து, வடசேரியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து ஒரு பெண் தினமும் போய்வருவதைப் பற்றிய நியாயமான கவலை இருக்கலாம். பொறாமை தனக்குப் போட்டுக்கொண்ட கவலை வேடமாகவும் இருக்கலாம்.

நற்செய்தியைப் பகிரும்போது துணை எப்படி நடந்துகொள்கிறார் என்பதை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிள். 2004-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இத்தகைய பதில்களை நான்கு வகையாகப் பிரித்தது. நம் தம்பதிக்குப் பொருத்தினால் அவை இப்படி அமையும். ஆணையைக் கையில் வாங்கிப் படித்து, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், நீ ராத்திரி உட்கார்ந்து துறைத் தேர்வுக்குப் படித்தது வீண்போகவில்லை பார் என்று ஈடுபாட்டோடு பேசுவது முதல் வகை. ‘நல்லது’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவது இரண்டாவது. எதிர்ப்பு இல்லை, ஆனால் உற்சாகமும் இல்லை. பிள்ளையின் படிப்பு என்னாகும், நிர்வாகத் தலைவலி உனக்கு ஒத்துவராது என்று செய்தியின் இருண்ட பக்கத்தை மட்டும் தேடிப் பிடிப்பது மூன்றாவது. செய்தி காதில் விழாததுபோல் ‘கரண்ட் பில் கட்டியாச்சா’ என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவது நான்காவது. இவற்றில் முதல் வகைப் பதில்தான் நல்ல உறவோடு சேர்ந்து காணப்பட்டது. மற்ற மூன்றும், மென்மையான இரண்டாவது வகை உட்பட, திருப்தி குறைந்த உறவுகளோடு சேர்ந்து காணப்பட்டன.

கேபிளும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் காதலர்கள் ஆய்வகத்தில் எதிரெதிரே அமர்ந்து, தங்களுக்கு நடந்த நல்லதையும் கெட்டதையும் மாறி மாறிப் பேசினார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களது உறவின் நிலையைப் பார்த்தபோது, கெட்ட செய்திக்குத் துணை தந்த ஆறுதலைவிட நல்ல செய்திக்குத் தந்த பதிலே அதைக் கூடுதலாக முன்னுணர்த்தியிருந்தது. இது நம் பொது நம்பிக்கைக்கு மாறானது. ‘கஷ்டத்தில் கூட இருந்தாரா’ என்றுதான் நாம் எடைபோடுகிறோம். கஷ்டத்தில் ஒருவரைத் தாங்குவதற்கு ஊர்க்கட்டுப்பாடே நம்மைத் தள்ளிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்காவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். மற்றவரின் உயர்வில் மகிழச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆனால் அந்த நான்கு பெட்டிகளை அப்படியே தூக்கிவந்து தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வைத்துவிட முடியாது. மனைவியை முகத்துக்கு நேரே பாராட்டுவது நம் ஊர் ஆண்கள் பலருக்குக் கூச்சம். நல்லது நடந்தால் கண்ணு பட்டுவிடும் என்று அடக்கி வாசிப்பது முந்தைய தலைமுறையின் வழக்கம். அது இன்றைய வீடுகளிலும் முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே ‘நல்லது’ என்ற ஒற்றைச் சொல் கலிஃபோர்னியாவில் தரும் பொருளையே இங்கும் தரும் என்று எடுத்துக்கொள்வது அவசரம். மறுநாள் விடியுமுன் கேட்காமலே எழுந்து பைக்கை வெளியே எடுத்து, பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வரும் மனிதர், முந்தின நாள் ‘நல்லது’ என்று மட்டும் சொன்னவராக இருக்கலாம். சொல்லோடு கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், செய்தியைச் சொன்ன விதம். கணவர் வகுப்பில் இருக்கும்போது போனில் ‘ஆர்டர் வந்துருக்கு, வள்ளியூர் தாண்டி’ என்று சொன்னால், அவர் காதில் முதலில் விழுவது ஊரின் பெயர்தான். பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னார் என்று வருந்துவது நியாயமாகாது.

அப்படியானால் பொறாமையை எங்கே தேடுவது? இங்கேதான் ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற சமூக உளவியலாளர் 1980-களில் வகுத்த கோட்பாடு உதவுகிறது. நெருக்கமானவரின் வெற்றி நம்மை இரண்டு விதமாகத் தொடலாம் என்கிறார் அவர். அந்தத் துறை நம் சுயமதிப்புக்கு முக்கியமில்லாததாக இருந்தால், நெருங்கியவரின் வெற்றியில் நாமும் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். மனைவி கோயில் விழாவிலோ ஆலயப் பாடகர் குழுவிலோ பாடிப் பரிசு வாங்கினால், பாடத் தெரியாத கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இதனால்தான். அதே துறை நம் சுயமதிப்பின் நடுவில் இருந்தால், நெருக்கம் கூடக்கூட உறுத்தலும் கூடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் தலைமை ஆசிரியரானால் கணிதம் சொல்லிக் கொடுக்கும் கணவருக்கு ஒன்றுமில்லை. ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பேசும் மனைவி தலைமை ஆசிரியரானால் வலிக்கிறது. அன்பு குறைவாக இருப்பதால் வரும் வலியாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நெருக்கமும் துறையும் ஒன்றாக வந்து விழுந்த இடத்தில் இது ஏறக்குறைய எதிர்பார்க்கக்கூடியது.

டெஸ்ஸர் சொல்வதில் நமக்கு மிகவும் பயன்படுவது அடுத்த பகுதி. இந்த உறுத்தலிலிருந்து வெளியேற மனிதனுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன: நெருக்கத்தைக் குறைத்துக்கொள்வது, அந்தத் துறை தனக்கு முக்கியம் என்ற நிலையை மாற்றிக்கொள்வது, வெற்றிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. துணை எந்த வாசல் வழியாகப் போகிறார் என்பதே தடயம். அதைப் பார்க்க ஒரு மாலை போதாது, வாரங்கள் வேண்டும்.

முதல் வாசலில் போகிறவர் விலகத் தொடங்குவார். வழக்கமாக இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் பள்ளிக்கதை பேசுவார்கள். இப்போது அவர் முன்னதாகச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். விடைத்தாள் திருத்தும்போது ஏதாவது கணக்கைக் காட்டிக் கேட்பது நின்றுபோகிறது. சண்டை எதுவும் இல்லை. பேச்சில் அந்த ஒரு பகுதி மட்டும் காணாமல் போகிறது. மற்ற பேச்சுகளில் பழைய கலகலப்பு அப்படியே இருக்க, வேலையைப் பற்றிய பேச்சு மட்டும் வற்றிப்போயிருந்தால், அசதியைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது வாசல்தான் நுட்பமானது. இதற்குள் நல்ல வழியும் கெட்ட வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ‘எனக்கு வகுப்பில் நின்று பாடம் நடத்துவதுதான் பிடிக்கும், அலுவலக நாற்காலி எனக்கு வேண்டாம்’ என்று கணவர் தனக்குள் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டால், அவர் தன்னுடைய ஆசையைத்தான் இடம் மாற்றி வைக்கிறார். மனைவியின் பதவி அதனால் சிறுத்துப்போவதில்லை. சொல்லப்போனால் போட்டி விலகிவிட்டதால் அவரால் பெருமைப்பட முடிகிறது. ‘ஹெச்.எம். வேலைன்னா என்ன, கிளார்க் வேலைதானே. ஸ்டேட்மென்ட் அனுப்பியே காலம் போயிரும்’ என்று சொன்னால், அவர் குறைப்பது மனைவியின் பதவியை. இரண்டு வாக்கியங்களும் மேலோட்டமாக ஒரே கருத்தைச் சொல்வதுபோல் இருக்கும். எழுவாய் யார் என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: முன்னதில் ‘நான்’, பின்னதில் ‘உன் வேலை’.

இந்தக் குறைத்தல் வீட்டுக்குள் நடப்பதைவிட வெளியாட்கள் முன்னிலையில் தெளிவாகத் தெரியும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் உறவுக்காரப் பெண் வந்து, “மைனி, ஹெச்.எம். ஆயிட்டியளாமே!” என்று கையைப் பிடிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் கணவர் சிரித்துக்கொண்டே, “ஆமா, இப்ப வீட்லயும் அவங்கதான் ஹெச்.எம்., நமக்கு அட்டென்டன்ஸ் உண்டு” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு தடவை என்றால் அது வெறும் வேடிக்கை. ஆனால் ஒவ்வொரு முறை பாராட்டு வரும்போதும் அதே வேடிக்கை வந்து, பேச்சு மனைவியின் உழைப்பைவிட்டுக் கணவரின் ‘பாவப்பட்ட’ நிலைமைக்குத் திரும்புகிறது என்றால், அந்த வேடிக்கைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆதரவாக இருப்பவரும் கேலி பேசுவார். ஆனால் அவர் கேலிக்குப் பின்னால் ‘பிள்ளைய வச்சுக்கிட்டு டிபார்ட்மென்ட் டெஸ்ட் எழுதுனா தெரியுமா’ என்று ஒரு வரி கூட வரும். மனைவி அருகில் இல்லாதபோதும் அந்த வரி வந்தது என்று மூன்றாம் ஆள் வழியாகத் தெரியவந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மூன்றாவது வாசல், இடைவெளியைக் குறைப்பது. ஆக்கப்பூர்வமாக நடந்தால் கணவர் தானும் படிப்பை மேலே கொண்டுபோக முயல்வார். மற்றொரு வழி, மனைவியைக் கீழே இறக்குவது. ‘வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு’ என்பது இந்த மாவட்டத்தில் புதிதாகக் கேட்கிற யோசனை அல்ல. வெளி மாவட்டம் கிடைத்தவர்கள் பலவிதக் காரணங்களுக்காகப் பதவி உயர்வை மறுத்துவிட்டு வீட்டுப் பக்கத்திலேயே இருந்துகொள்வதுண்டு. அது அவர்களே எடுத்த முடிவானால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அந்த யோசனை வந்தது என்பதே பொறாமைக்குச் சான்றாகாது. எந்த வேகத்தில் வந்தது, அதற்கு முன் வேறு வழிகள் பேசப்பட்டனவா என்பதைப் பார்க்கலாம். வள்ளியூரில் தங்கும் அறை, வாரக் கடைசியில் வீடு, பிள்ளையைக் கொஞ்ச நாள் அத்தை வீட்டில் விடுவது, காலை வேலையைத் தான் ஏற்றுக்கொள்வது என்று நாலு வழிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘எதுவும் சரிப்படல, என்ன செய்யலாம்’ என்று கேட்கிறவரும், முதல் மணி நேரத்திலேயே ‘எழுதிக் குடுத்துரு’ என்கிறவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆய்வு அதிகாரி வரும் நாளின் காலையில்தான் பெரிய சண்டை வெடிப்பது, முக்கியக் கூட்டத்தன்றுதான் பைக் கிடைக்காமல் போவது போன்றவை திரும்பத் திரும்ப நடந்தால் அதையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

கணவர் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, மிரட்டுவது என்று போனால் அதைப் பொறாமை என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பொருளாதார வன்முறையையும் மனரீதியான வன்முறையையும் உள்ளடக்கியது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

பொறாமைப்படுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. கேட் ராட்லிஃப், ஷிகேஹிரோ ஒய்ஷி ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வுகளில், அமெரிக்க, நெதர்லாந்து ஆண்கள் தங்கள் துணையின் வெற்றியை நினைக்கும்போது அவர்களுடைய சுயமதிப்பு, நேரடியாகக் கேட்டால் மாறாமல் இருந்தது. நல்ல, கெட்ட சொற்களை எவ்வளவு வேகமாகத் தன்னோடு இணைக்கிறார்கள் என்பதை வைத்து மறைமுகமாக அளந்தபோது குறைந்திருந்தது. பெண்களிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. இதில் டெஸ்ஸரின் கோட்பாட்டோடு ஒரு உரசலும் இருக்கிறது: துணை தன்னைவிட நன்றாகச் செய்தாரா என்ற ஒப்பீடே இல்லாத வெற்றியிலும் இந்தச் சரிவு தெரிந்தது. மறைமுக அளவீடுகளை எவ்வளவு நம்பலாம் என்பதில் உளவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், இதை வைத்து ‘ஆண்களே இப்படித்தான்’ என்று எழுதுவது அதிகப்படி. ‘எனக்கு ஒரு பொறாமையும் இல்ல’ என்று கணவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவர் அறிந்தவரை உண்மையாகவே இருக்கலாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நேருக்கு நேர் ‘உனக்குப் பொறாமையா?’ என்று கேட்பதால் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு.

சுவீடனில் ஒல்லே ஃபோல்கே, யோஹன்னா ரிக்னே என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரை, அரசியலில் உயர்பதவி பெற்ற பெண்களின் மணவிலக்கு வாய்ப்பு, போட்டியிட்டும் பதவி கிடைக்காத பெண்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ இரு மடங்கானதாகவும், ஆண்களுக்கு அப்படி நிகழவில்லை என்றும் காட்டியது. கணவர் வயதில் மிக மூத்தவராக இருந்த, குழந்தை வளர்ப்பு விடுப்பைப் பெரும்பாலும் மனைவியே எடுத்திருந்த தம்பதிகளிடம்தான் இந்த விளைவு அதிகம். மணவிலக்கு எளிதாக உள்ள அந்த நாட்டின் எண்களை இங்கே பொருத்த முடியாது; காரணம் பொறாமைதான் என்றும் அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் யார் எந்த வேலையைச் செய்வது என்று கல்யாணத்தன்றே எழுதாமல் எழுதி வைத்த ஒப்பந்தம் குலைவது, தனியாகவே ஒரு பாரம் என்பதை அது உணர்த்துகிறது. நம் கணவர் காலையில் பிள்ளைக்குத் தலைவாரி டிபன் கட்டிக் கொடுக்க நேரும்போது முகம் சுளித்தால், அது இந்தப் பாரத்தின் எரிச்சலாகவும் இருக்கலாம்.

திசை மாறியும் இது நடக்கும். பி.எட். முடித்த பெண்கள் கணவரின் வளைகுடா வேலைக்காகவோ இடமாற்றத்துக்காகவோ தங்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். கணவர் ‘சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க’ என்று வீடியோ காலில் சொல்லும்போது மனைவியின் குரல் தணிந்தால், அதைப் பொறாமை என்பதைவிட, தன் பங்கு கணக்கில் எழுதப்படவில்லை என்ற மனக்குறை என்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘நீ ஊரில் எல்லாத்தையும் பாத்துக்கிட்டதாலதான் நான் இங்க நிக்க முடிஞ்சுது’ என்று அவர் சொன்னபின் குரல் தெளிந்தால் மனக்குறை; சொன்ன பிறகும் அப்படியே இருந்தால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

இதே முறையை ஆசிரியை தன் கணவரிடமும் பயன்படுத்தலாம். கலந்துபோன இரண்டு விஷயங்களையும் அவரே பிரித்துக் கொடுக்கலாம்: “தூரத்தப் பத்தி நாளைக்கு உக்காந்து பேசுவோங்க. இன்னிக்கு இந்த ஆர்டர ஒருதடவ படிச்சுப் பாருங்களேன்.” தூரம்தான் கவலை என்றால், அதற்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டதும் கணவருக்கு இன்று மகிழ இடம் கிடைத்துவிடும், தாளை வாங்கிப் படிப்பார், ஏதாவது கேட்பார். தூரம் ஒரு சாக்கு என்றால் தாள் மேசையிலேயே கிடக்கும், பேச்சு மீண்டும் வள்ளியூருக்கே போகும்.

இன்னும் உறுதியான சோதனையைக் காலமே வைக்கும். அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகி அவருக்குக் கிடைத்துவிட்டால், தூரம் என்ற காரணம் இல்லாமல் போகிறது. கவலைப்பட்டவர் அன்று ஆணை பெற்றவரைவிட அதிகம் ஆசுவாசப்படுவார். ‘உள்ளூர் பள்ளின்னா பெற்றோர் தொல்லை தாங்க முடியாது, அரசியல் வேற இருக்கும்’ என்று புதிதாக ஒரு குறை உடனே முளைத்தால், பழைய காரணம் தூரம் அல்ல என்று மனைவி புரிந்துகொள்ளலாம்.